வீட்டருகே பாம்பு: எட்ட நின்று எடுக்கும் படமும் அதன் எல்லையும்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான சாகுபடி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கால்வாய்கள் கரைபுரண்டு ஓடுகின்றன. வரப்புகளிலும் கால்வாய்க் கரைகளிலும் உள்ள எலி வளைகளில் நீர் புகுகின்றது. எலிகள் மேட்டை நாடுகின்றன. மேடு என்பது பெரும்பாலும் நாம் குடியிருக்கும் இடமேயாகும். எலியையும் தவளையையும் தொடர்ந்து பாம்பும் அங்கு வந்து சேருகின்றது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி இரு கரைகளையும் மீறிப் பாய்ந்ததை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பெருவெள்ளம் வராத ஆண்டிலும், சிறு அளவில் இதே இடப்பெயர்ச்சி ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடைபெற்றே வருகின்றது.

முற்காலத்தில் வீட்டருகே பாம்பைக் கண்டவர் கை முதலில் கம்பைத் தேடியது. இன்று அக்கை கைபேசியைத் தேடுகின்றது. இது நல்ல மாறுதலே. கம்பைக் கொண்டு செல்பவர் பாம்பின் அருகே செல்லாமல் இருக்க இயலாது. படம் எடுப்பவர் எட்டவே நிற்கலாம். ஆயினும் இப்புதிய பழக்கத்தில் இரண்டு அபாயங்கள் உள்ளன. படம் தெளிவாக விழவேண்டும் என்று நெருங்கிச் செல்வது ஒன்று. எடுத்த படத்தை வைத்து, ‘இது விஷமற்றது’ என்று தீர்மானித்துக் கை வைப்பது மற்றொன்று. இவ்விரண்டில் பின்னதே கொடியது. அதனை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க விரும்புகின்றேன்.

துவைக்கும் கல்லின் அடியில்

எமது ஒன்றியத்தில், கால்வாய்க் கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை ஏழு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. வீட்டின் பின்புறம், துவைக்கும் கல்லின் அருகே பாத்திரம் எடுக்கச் சென்ற பெண்மணி, கல்லின் அடியிலிருந்து ஒரு பாம்பின் உடல் நீண்டு கிடப்பதைக் கண்டார். கூச்சலிடாமல் பின்வாங்கி உள்ளே சென்று மகனிடம் கூறினார். கல்லூரியில் பயிலும் அவ்விளைஞர் பின்கதவின் படியிலேயே நின்று, சுமார் பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து, கைபேசியில் காட்சியைப் பெரிதாக்கி மூன்று படங்கள் எடுத்தார். இதுவரை அவர்கள் செய்தது யாவும் சரியே.

படத்தை அவர் தம் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினார். சில நிமிடங்களில் விடை வந்தது: “பழுப்பு நிறம், வெள்ளை வளையம், இது ஓநாய்ப் பாம்பு, விஷமில்லை.” உடனே அவருடைய தம்பி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தள்ளிவிடப் புறப்பட்டான். அப்பொழுது திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனார், “ஏலே, கிட்டப் போகாதே! தலையைப் பார்த்தவன் எவன்?” என்று அதட்டினார். அக்கேள்வி அச்சிறுவனை நிறுத்தியது. தகவல் தீயணைப்பு நிலையத்துக்குச் சென்றது. நாற்பது நிமிடங்களில் வந்த பணியாளர்கள், கொக்கியும் நீண்ட குழாயும் கொண்டு பாம்பைக் கல்லின் அடியிலிருந்து வெளிக்கொணர்ந்தனர். அது ஓநாய்ப் பாம்பு அன்று. மூன்றடிக்கு மேற்பட்ட கட்டுவிரியன்.

மறுநாள் வேறொரு பணிக்காக அவ்வூருக்குச் சென்ற யான் அம்மூன்று படங்களையும் பார்த்தேன். பிழை எங்கே நிகழ்ந்தது என்பது அவற்றிலேயே தெளிவாக இருந்தது.

படம் சொன்னது என்ன, சொல்லாதது என்ன?

கட்டுவிரியனும் ஓநாய்ப் பாம்பும் நம் பகுதியில் அடிக்கடி ஒன்றுக்கொன்றாகக் கருதப்படுகின்றன. இரண்டும் இரவில் திரிபவை; இரண்டின் உடலிலும் குறுக்கே வெள்ளை வளையங்கள் உண்டு. ஆனால் ஓநாய்ப் பாம்பு பல்லிகளைத் தின்று வாழும் விஷமற்ற சிறு பிராணி. கட்டுவிரியனோ நம் நாட்டின் மிகக் கொடிய விஷப் பாம்புகளுள் ஒன்று. ‘எட்டடி விரியன்’ என்ற பெயரும் அதற்கு உண்டு. கடிபட்டவர் எட்டு அடி நடக்குமுன் இறப்பார் என்னும் பொருளில் அப்பெயரை வழங்குகின்றனர், அது உண்மையன்று. விஷம் வேலை செய்யச் சில மணி நேரம் ஆவதும் உண்டு. சிகிச்சைக்குக் கிடைக்கும் நேரம் அதுவே. பெயரில் ‘விரியன்’ என்று இருப்பினும், இது நாகப்பாம்பின் இனத்தைச் சார்ந்தது. கண்ணாடி விரியனுக்கும் இதற்கும் உறவு இல்லை. ஆகவே தொலைபேசியில் ‘விரியன் கிடக்கின்றது’ என்று மட்டும் கூறினால், கேட்பவருக்கு ஏதும் விளங்காது.

இரண்டையும் வேறுபடுத்தும் முதற்குறி, வளையங்கள் எங்கே தொடங்குகின்றன என்பது. ஓநாய்ப் பாம்பில் அவை கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி, வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கி மறைகின்றன. வளர்ந்த கட்டுவிரியனில் இதற்கு நேர்மாறு. தலையை அடுத்த முன்பகுதியில் வளையங்கள் இல்லாமலோ, தெளிவின்றியோ இருக்கும். பின்னர் மெல்லிய கோடுகளாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து தோன்றி, வால்வரை தெளிவாகச் செல்லும். இரண்டாவது குறி முதுகெலும்பின் மேலுள்ள செதில் வரிசை. கட்டுவிரியனில் அவ்வரிசை மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, ஆறு பக்கம் கொண்டதாக இருக்கும். ஓநாய்ப் பாம்பில் அவ்வாறு இல்லை. மூன்றாவது நிறம்: கட்டுவிரியன் நீலம் கலந்த பளபளப்பான கருமை, ஓநாய்ப் பாம்பு பழுப்பு.

இனி அம்மூன்று படங்களுக்கு வருவோம். பாம்பின் முன்பகுதி கல்லின் அடியில் மறைந்திருந்தது. எனவே, வளையங்கள் கழுத்தில் தொடங்குகின்றனவா என்பதைப் படம் கூறவே இல்லை. பன்னிரண்டு அடி தூரத்தில் செதில்களின் வடிவமும் தெரியவில்லை. எஞ்சியது நிறம். பின்புறத்தில் எரிந்ததோ பழைய மஞ்சள் விளக்கு. அவ்வொளியில் நீலக் கருமை பழுப்பாகவே படத்தில் விழும். நண்பர்கள் நம்பியது இந்த நிறத்தைத்தான். மூன்று குறிகளில் மிகவும் நம்பத்தகாதது எதுவோ அதனையே அவர்கள் பற்றினர். அதே சமயம் படத்தில் தெளிவாகக் காணப்பட்ட ஒன்றை எவரும் கவனிக்கவில்லை. வால் நுனிவரை மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக, மங்காமல் இருந்தன. அது ஒன்றே கட்டுவிரியன் என்று ஐயுறப் போதுமானது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய விதி ஒன்று. படம் ‘இது ஆபத்தானது’ என்று கூறினால் நம்பலாம். ‘இது ஆபத்தற்றது’ என்று கூறினால், அதனை நம்பிக் கை வைத்தலாகாது. முதல் தீர்ப்பு தவறானால் நாம் இழப்பது சிறிது நேரம். இரண்டாவது தீர்ப்பு தவறானால் இழப்பது உயிர்.

பத்தடித் தூரம் ஏன்?

பொதுவாக ஒரு பாம்பு தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எட்டித் தீண்டவல்லது. ஐந்தடி நாகம் இரண்டரை அடிக்கு அப்பால் உள்ளவரைத் தீண்டுதல் அரிது. அங்ஙனமாயின் பத்தடி ஏன் என்று வாசகர் வினவலாம். பாம்பு ஓரிடத்திலேயே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பது முதற்காரணம். அது நம்மை நோக்கிப் பாய்வதில்லை. ஆனால் தப்பிச் செல்லும் வழியில் நாம் நின்றால், நம் கால்களை நோக்கியே வரும். படம் எடுப்பவரின் கண் கைபேசியின் திரையில் இருப்பது இரண்டாவது காரணம். பாம்பு நகர்ந்ததை உணர்ந்து காலைப் பின்வைக்க அவருக்கு இரண்டு கணமேனும் வேண்டும். ஆகவே பத்தடி, அதாவது மூன்று மீட்டர், குறைந்த அளவாகும். பாபநாசம், களக்காடு போன்ற மலையடிவாரங்களில் ராஜநாகமும் உண்டு. மிக நீண்ட பாம்பைக் கண்டால், படத்தைப்பற்றிய எண்ணத்தையே விட்டு வீட்டினுள் செல்க.

மௌனம் வேண்டும் என்று கூறுவதற்கும் காரணம் உண்டு. பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆயினும் தரையின் அதிர்வை அது நன்கு உணரும். காற்றின் வழி வரும் ஒலியையும் ஓரளவு உணர்கின்றது. கூச்சலைவிடக் கேடு விளைப்பது, கூச்சலைக் கேட்டு ஓடிவரும் கூட்டம். இருபது பேர் சூழ்ந்து நின்றால், பாம்புக்குச் செல்ல வழி இராது. அது எதிர்ப்படும் விறகுக் குவியலிலோ வீட்டு வாயிலிலோ புகும். கண்முன் கிடந்த பாம்பு காணாமற் போவது இவ்வாறே. காணாமற்போன பாம்பைத் தேடுதல், கிடக்கும் பாம்பைக் காத்திருந்து பிடித்தலினும் பன்மடங்கு கடினம்.

படம் எடுக்கும் முறை

முதலில் குழந்தைகளையும், நாய், கோழி முதலியவற்றையும் உள்ளே அனுப்புக. திறந்த இடத்தில் அன்றி, பின்னால் செல்ல வழியுள்ள படியிலோ வாயிலிலோ நிற்க. பாம்புக்கும் புதருக்கும் இடையே, அல்லது பாம்புக்கும் வளைக்கும் இடையே நிற்றல் கூடாது. காட்சியைக் கைபேசியிலேயே பெரிதாக்கிக்கொள்க. காலால் பெரிதாக்க முயலாதீர்.

மூன்று படங்கள் போதும். ஒன்றில், பாம்பு கிடக்கும் இடமும் சுற்றுப்புறமும் தெரியவேண்டும். பிடிக்க வருபவர் தம் வேலையைத் திட்டமிட அது உதவும். மற்றொன்றில், கண்ணுக்குத் தெரியும் உடல் முழுவதும் வரவேண்டும். மூன்றாவதில், முதுகின் கோலமும் வாலும் தெளிவாக விழவேண்டும். அருகில் ஏற்கெனவே ஒரு செங்கல்லோ ஓடோ கிடந்தால் அதனையும் படத்தில் சேர்த்துக்கொள்க. செங்கல் ஏறத்தாழ ஒன்பது அங்குலம் ஆதலால் நீளத்தை மதிப்பிடலாம். ஆனால் அளவுக்காக எதனையும் அருகே கொண்டுபோய் வைத்தலாகாது. இருட்டில் கைபேசியின் மின்னல் விளக்கு பளபளப்பான செதில்களில் பட்டுத் தெறித்து, கோலத்தை அழித்துவிடும். மற்றொருவர் பக்கவாட்டில் எட்ட நின்று டார்ச் விளக்கைக் காட்டினால் படம் தெளிவாக விழும்.

தலை தெரியவில்லையே என்று காத்திருப்பதும், படம் விரிக்கட்டும் என்று கல்லை வீசுவதும் பெரும் பிழை. நாகத்தின் படம் விரிந்தது என்றால் அது அச்சுறுத்தப்பட்டது என்று பொருள். இரண்டு நிமிடத்தில் கிடைத்தது போதும். அதன்பின் ஒருவர் மட்டும் அதே தூரத்தில் நின்று, பாம்பு எங்கே செல்கின்றது என்று கண்காணிக்கவேண்டும். பிடிக்க வருபவருக்குப் படத்தைவிட இந்த ஒருவரின் கண்ணே அதிகம் உதவும். மேற்கூறிய நிகழ்ச்சியில், நாற்பது நிமிடமும் அவ்விளைஞர் படியை விட்டு அகலாததால்தான் பணியாளர்கள் நேரே கல்லை நோக்கிச் சென்றனர்.

யாரை அழைப்பது?

எவரையும் பாம்பு தீண்டவில்லையெனில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்கவேண்டும். காட்டை ஒட்டிய ஊர்களில், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கும் தெரிவித்தல் நலம். மலைப்பாம்பு, ராஜநாகம் முதலியவற்றைக் காட்டில் முறைப்படி விடும் பொறுப்பு வனத்துறையினுடையது. அழைக்கும்போது ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, பாம்பு இப்பொழுது எங்கே உள்ளது, அது கண்ணில் படுகின்றதா, ஏறத்தாழ எத்தனை அடி என்ற விவரங்களை நிதானமாகக் கூறுக. பெயர் தெரியாவிடில், ‘தெரியவில்லை’ என்றே கூறுக. தவறான பெயரைக் காட்டிலும் அது மேல்.

ஊரில் பாம்பு பிடிப்பவர் எனப் பெயர் பெற்றோர் சிலர் இருப்பர். வெறுங்கையால் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டுபவரை அழைத்தல் தகாது. அவ்வாறு செய்வோர் கடிபட்டு இறப்பது அரிதன்று. மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பாம்புகளைக் கொல்வதும், அனுமதியின்றிப் பிடித்து வைத்திருப்பதும் குற்றமாகும்.

பணியாளர்கள் வருமுன் மண்ணெண்ணெய் ஊற்றுதல், பூண்டு கரைத்துத் தெளித்தல், புகை போடுதல் ஆகியவற்றால் பயன் இல்லை. கலைந்த பாம்பு நாம் அறியாத இடத்துக்குச் செல்வதே விளைவு.

தீண்டிவிட்டால் படம் தேவையா?

தேவையில்லை. ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் வைத்தியரிடம் காட்டலாம். இல்லையேல் அதற்காக ஒரு கணமும் செலவிடலாகாது. காரணம் எளிது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அளிக்கப்படும் விஷமுறி மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. எது தீண்டினாலும் மருந்து ஒன்றே. அதனைக் கொடுப்பதா என்பதை வைத்தியர் பாம்பைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. நோயாளியைப் பார்த்தே தீர்மானிக்கின்றார். இமை தொங்குகின்றதா, மூச்சு தளர்கின்றதா, கடிவாய் வீங்குகின்றதா என்று நோக்குவார். சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாது வைத்து, உறைகின்றதா என்று பார்ப்பார். உறையாவிடில் விரியனின் விஷம் இரத்தத்தில் கலந்துள்ளது என்பது புலனாகும்.

கட்டுவிரியன் விஷயத்தில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அது பெரும்பாலும் இரவில், தரையில் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டுகின்றது. வலியும் வீக்கமும் மிகக் குறைவு. பல் பட்ட தடம் கூடத் தெரியாதிருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குதல், விழுங்க இயலாமை இவற்றுடன் எழுபவரை, உணவு ஒவ்வாமை என்று கருதி வீட்டில் வைத்திருத்தல் உயிருக்கு ஆபத்து. முந்திய மாலையில் வீட்டருகே வளையமுள்ள பாம்பைக் கண்டிருந்தால், அச்செய்தியை வைத்தியரிடம் கட்டாயம் கூறவேண்டும். தீண்டாத பாம்பின் படமும் பயன்படும் இடம் இதுவே.

தீண்டப்பட்டவரை நடக்கவிடாது, எலும்பு முறிந்த அவயவத்தைப்போல் அந்தக் கையையோ காலையோ அசையாது வைத்து, மோதிரம், மெட்டி, வளையல் முதலியவற்றைக் கழற்றி, 108 ஊர்தியை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியன கூடா. பாம்பை அடித்துக் கையோடு கொண்டுவருதலும் கூடாது. செத்த பாம்பின் தலையும் சிறிது நேரம் கடிக்கவல்லது.

இதற்கு ஒரு விதிவிலக்கு மலைப்பகுதியில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில், மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறிய குழிவிரியன் ஒன்று வாழ்கின்றது. மேற்கூறிய பொது மருந்து அதன் விஷத்தை முறிப்பதில்லை. சிறுநீரகத்தைக் கண்காணித்துப் பிற சிகிச்சைகளை அளிக்கவேண்டியிருக்கும். அங்கு எட்ட நின்று எடுத்த படம் ஏற்கெனவே கையில் இருந்தால் வைத்தியருக்கு அது மெய்யாகவே உதவும். அப்பொழுதும் படத்துக்காகப் பாம்பைத் தேடிச் செல்லலாகாது.

பாம்பு மறைந்துவிட்டால்

பணியாளர் வருமுன் பாம்பு கண்ணினின்று மறைவதும் உண்டு. அன்றிரவு தரையில் படுத்தலாகாது. கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களைப் படுக்கையின் அடியில் நன்கு செருகிக்கொள்க. கட்டுவிரியன் தரையில் திரியும் பிராணி. செருகிய வலை அதற்கு நல்ல தடை. வெளியே செல்லும்போது விளக்கும் செருப்பும் வேண்டும். மறுநாள் பகலில் செங்கல் குவியலையும் விறகையும் வெறுங்கையால் கலைக்காமல், நீண்ட கம்பால் எட்ட நின்று மெல்லப் பிரித்துப் பார்க்கவேண்டும். பகலில் கட்டுவிரியன் ஒளியும் இடங்கள் அவையே.

2024-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாக ஆக்கியது. ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு கடியும் பதிவாகவேண்டும் என்பது அதன் பொருள். எந்த ஊரில் எந்த மாதத்தில் கடி மிகுகின்றது என்று தெரிந்தால், மருந்தை அங்கே முன்கூட்டி வைக்க இயலும். நம் பங்குக்கு, அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேட்டு விடை பெறுவோம்: இரவில் விஷமுறி மருந்தும், அதனைச் செலுத்த வைத்தியரும் உள்ள மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது? அவ்விடையையும், 101, 112, 108 என்ற எண்களையும், வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதிப் பின்கதவின் உட்புறம் ஒட்டி வைப்போம். பாம்பைக் கண்டு பின்வாங்கி உள்ளே வருபவரின் கண்ணில் முதலில் படும் இடம் அதுவே.